பச்சை மனிதர்கள் யாரையும் ஏமாற்றவில்லை

போன வாரம் பதிவர் நண்பர் ஒருவர் "ஒரு குண்டுகூட சுடாம ஒரு நாட்டோட ஒரு பகுதியையே தூக்கிட்டாங்கய்யா, இதுதான்யா ராஜதந்திரம்"னு கிரிமியாவைப் பத்தி எழுதியிருந்தார். அதுக்குப் பின்னூட்டம் போட ஆரம்பிச்சேன். அது அனுமார் வால் மாதிரி நீண்டுட்டதால தனிப்பதிவாவே போட்டுடறேன். நெதர்லாந்துல உட்கார்ந்து பன்னாட்டு அரசியல்ல முதுகலை படிக்கிறவனுக்கு இதைவிட்டா வேற என்ன பொழப்பு :-) ஊர்ல சொந்தக்காரங்க "அது என்னப்பா படிப்பு, வேலை கிடைக்குமா"ன்னு கேட்கும்போது முழிக்கிறதைவிட இது சுலபம்.

கலப்புப் போர், சாம்பல் மண்டலம், ஹைப்ரிட் வார் என்று பல பெயர்கள் இதற்கு இருக்கின்றன. போர் என்று அறிவிக்காமல், போர் என்று மற்றவன் சொல்ல முடியாத அளவிலேயே வைத்துக்கொண்டு, பினாமிகளையும் பிரசாரத்தையும் முகமூடி போட்ட படையையும் வைத்துக் காரியத்தை முடிப்பது. வரையறை அவ்வளவுதான். என் வாத்தியார்கள் நாற்பது பக்கத்துக்கு நீட்டுவார்கள், நீங்கள் தப்பித்தீர்கள்.

பெரும்பாலானவர்கள் இதை ஏமாற்று வித்தையாகப் பார்க்கிறார்கள். அடையாளம் இல்லாத சீருடையில் வந்தார்கள், யாரென்று தெரியவில்லை, தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று கதை போகும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர்கள் யார் என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போனதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

நடந்ததைத் தேதிவாரியாகப் பார்க்கலாம். 2014 பிப்ரவரி 22ஆம் தேதி, கியேவிலிருந்து ஓடிப்போன அதிபர் யானுகோவிச்சை உக்ரைன் நாடாளுமன்றம் பதவியிலிருந்து நீக்குகிறது. 26ஆம் தேதி ரஷ்யா உக்ரைன் எல்லையை ஒட்டிய ராணுவ மாவட்டங்களில் திடீர்ப் பயிற்சி என்று அறிவிக்கிறது. ஒன்றரை லட்சம் வீரர்கள் பங்கேற்பார்களாம். மறுநாள் 27ஆம் தேதி விடியற்காலையில் கிரிமியாவின் தலைநகர் சிம்ஃபெரோபோலில் நாடாளுமன்றக் கட்டடமும் அமைச்சரவைக் கட்டடமும் ஆயுதம் தாங்கிய ஆட்கள் கையில் விழுகின்றன. கூரைமேல் ரஷ்யக் கொடி. சீருடையில் எந்த நாட்டுச் சின்னமும் கிடையாது. முகம் மூடியிருக்கிறது.

அன்றைக்கே, துப்பாக்கிகள் உள்ளே நிற்கும்போதே, அந்த நாடாளுமன்றம் கூடியது. பத்திரிகையாளர்களுக்கு அனுமதி இல்லை. பழைய அரசைக் கலைத்துவிட்டு செர்கேய் அக்சியோனோவ் என்பவரைப் பிரதமராக்கினார்கள். 100 பேர் கொண்ட சபையில் அவர் கட்சிக்கு எத்தனை இடம் தெரியுமா? மூணே மூணு. 2010 தேர்தலில் சுமார் 4 சதவீத ஓட்டு வாங்கிய கட்சி. உறுப்பினர்களை வாக்களிக்கத் தள்ளிக்கொண்டு வந்ததே ஆயுதம் ஏந்திய ஆட்கள்தான் என்று, அந்தக் காரியத்தில் இருந்த இகோர் கிர்கின் என்ற முன்னாள் ரஷ்ய உளவுத்துறை அதிகாரி 2015 ஜனவரியில் ஒரு பேட்டியில் தானாகவே சொன்னார். இந்த ஆள் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவார்.

28ஆம் தேதி விமான நிலையங்கள். மார்ச் 1 அன்று, உக்ரைனில் படையைப் பயன்படுத்த ரஷ்ய மேலவை புடினுக்கு அனுமதி கொடுக்கிறது. மார்ச் 4 அன்று புடின் பத்திரிகையாளர்களிடம், அவர்கள் ரஷ்ய வீரர்கள் இல்லை, உள்ளூர் தற்காப்புப் படையினர் என்கிறார். ரஷ்யச் சீருடை மாதிரியே இருக்கிறதே என்று கேட்டதற்கு, கடைக்குப் போனால் எந்தச் சீருடையும் வாங்கலாம் என்ற மாதிரி ஒரு பதில். நம்ம ஊர் அரசியல்வாதிகூட கொஞ்சம் முகத்தை மாற்றிக்கொண்டு சொல்வார்.

யாராவது நம்பினார்களா? சீருடை கடையில் கிடைக்கும், சரி. 'டைகர்' வகை கவச வண்டி எந்தக் கடையில் கிடைக்கும்? சில லாரிகளில் ரஷ்ய ராணுவ நம்பர் பலகையைக்கூடக் கழற்றவில்லை. ஆட்கள் எல்லோரிடமும் ஒரே மாதிரி புதிய துப்பாக்கி, ஒரே மாதிரி ஹெல்மெட். இதைவிடப் பெரிய அடையாளம் அவர்கள் நடத்தை. உள்ளூர் பொடியன்கள் கையில் துப்பாக்கி கிடைத்தால் கத்துவார்கள், வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள், குடிப்பார்கள், போட்டோவுக்கு நிற்பார்கள். இவர்கள் பேசவே இல்லை. துப்பாக்கி முனை தரையைப் பார்த்திருக்கும், விரல் விசைக்கு வெளியே இருக்கும், மாற்று ஆள் வரும்வரை இடத்தை விட்டு நகரமாட்டார்கள். பயிற்சியை மறைக்க முகமூடி இல்லை. மக்கள் அவர்களுக்கு 'குட்டிப் பச்சை மனிதர்கள்' என்று பெயர் வைத்ததிலேயே ஒரு நக்கல் இருக்கிறது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தார்களா என்ன? ரஷ்யத் தரப்பு 'மரியாதையான மனிதர்கள்' என்று பெயர் வைத்தது, அதைப் பிற்பாடு டி-ஷர்ட்டிலும் அச்சடித்தார்கள்.

அப்படியானால் முகமூடி எதற்கு?

என் கருத்து இது. முகமூடி, எதிரே நிற்பவனின் கண்ணுக்காகப் போட்டதில்லை, அவன் எடுக்க வேண்டிய முடிவுக்காகப் போட்டது. ரஷ்யக் கொடி போட்ட டாங்கி எல்லையைத் தாண்டியிருந்தால் கியேவில் எந்த விவாதமும் தேவைப்பட்டிருக்காது. போர், அவ்வளவுதான். சின்னம் இல்லாத ஆள் கட்டடத்தின் வாசலில் நின்றால் முதலில் ஒரு கேள்வியைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இது போலீஸ் விவகாரமா, ராணுவ விவகாரமா? சுடச்சொல்லி யார் உத்தரவு போடுவது? நாம் சுட்டு, செத்தவன் உள்ளூர்க்காரன் என்று ஆகிவிட்டால்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடும் நேரத்தில் அடுத்த கட்டடம் போய்விடும்.

உக்ரைனுக்கு அந்த நேரத்தில் யார் உத்தரவு போடுவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. புதிய பிரதமர் யாத்சென்யுக்கின் அமைச்சரவை பதவியேற்ற நாள் எது? அதே பிப்ரவரி 27. காலையில் கிரிமியா நாடாளுமன்றம் போகிறது, அன்றைக்குத்தான் மந்திரிகள் நாற்காலியில் உட்காருகிறார்கள். பெரெசோவ்ஸ்கி என்பவரை மார்ச் 1 அன்று கடற்படைத் தளபதியாக நியமித்தார்கள். அவர் மறுநாளே கட்சி மாறினார். ஒரே நாள்!

பிப்ரவரி 28 அன்று கியேவில் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் கூடியது. அந்தக் கூட்டத்தின் பதிவை இரண்டு வருஷம் கழித்து, 2016இல், வெளியிட்டார்கள். எங்கள் வகுப்பில் அதைப் படிக்கக் கொடுத்தார்கள். சினிமா திரைக்கதை தோற்றுவிடும், போங்க. நாடு முழுக்கத் திரட்டினாலும் சண்டைக்கு உடனே அனுப்பக்கூடியவர்கள் சுமார் 5,000 பேர்தான் என்கிறார் பாதுகாப்பு அமைச்சர் தெனியுஹ். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்றரை லட்சம் பேருக்குப் பயிற்சி நடக்கிறது. தற்காலிக அதிபர் துர்ச்சினோவ் ராணுவச் சட்டம் கொண்டுவரலாம் என்கிறார். ஓட்டெடுப்பில் ஆதரித்தது அவர் ஒருவர்தான். எல்லோர் மனதிலும் 2008 ஜார்ஜியா ஓடிக்கொண்டிருந்தது. அங்கே ஜார்ஜியா ஸ்கின்வாலி நகரத்தின்மேல் தாக்குதல் தொடங்கியதைக் காரணம் காட்டி ரஷ்யப் படை உள்ளே புகுந்தது. "முதல் குண்டு நம்மிடமிருந்து போகக்கூடாது" என்பது கியேவுக்கு அந்தப் போர் சொல்லிக்கொடுத்த பாடம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "போர் அளவுக்குப் போகாத அழுத்தம்" என்று சொல்லும்போது போரே பின்னால் நிற்பதை மறந்துவிடுகிறோம். வாசலில் மரியாதையாக நிற்கிற ஆளுக்குப் பின்னால் எல்லையில் ஒன்றரை லட்சம் பேர், மேலவையின் அனுமதிக் கடிதம். அதுவும் இல்லாமல், கருங்கடல் கப்பற்படைத் தளம் ஏற்கெனவே செவஸ்தோபோலில் இருந்தது. 1997 ஒப்பந்தப்படி 25,000 பேர் வரை சட்டப்படியே ரஷ்யா வைத்துக்கொள்ளலாம். 2010இல் எரிவாயு விலைத் தள்ளுபடிக்கு அந்தக் குத்தகையை 2042 வரை நீட்டியும் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குள்ளேயே குடியிருப்பவன் திண்ணையைப் பிடிக்க எல்லை தாண்ட வேண்டியதே இல்லையே. இந்த வசதி உலகத்தில் வேறு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கிரிமியாவை எல்லோரும் பின்பற்றக்கூடிய சூத்திரம் என்று சொல்பவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

தளங்களைப் பிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். உக்ரைன் ராணுவ முகாம் வாசலில் முதலில் வருவது உள்ளூர் கூட்டம். வயசான பெண்கள், கோஷம் போடுபவர்கள், கையில் கட்டுப்பட்டை கட்டிய 'தற்காப்பு' ஆட்கள், கோசாக்குகள். அவர்களுக்குப் பின்னால் பச்சை மனிதர்கள். உள்ளே இருக்கிற வீரன் சுட்டால் முதலில் விழப்போவது பாட்டி. மின்சாரம் போகும், தண்ணீர் போகும், இத்தனை மணிக்குள் சரணடையுங்கள் என்று கெடு வரும், கெடு முடிந்ததும் ஒன்றும் நடக்காது, மறுபடியும் புதுக் கெடு வரும். உள்ளே இருந்தவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள். மனைவி, குழந்தை, வீடு எல்லாம் முகாம் சுவருக்கு அந்தப் பக்கம். ரஷ்ய ராணுவத்தில் சம்பளமும் அதிகம். மார்ச் 4 அன்று பெல்பெக் விமானத் தளத்து உக்ரைன் வீரர்கள் ஆயுதம் இல்லாமல், கொடியை மட்டும் பிடித்துக்கொண்டு, பச்சை மனிதர்களை நோக்கி அணிவகுத்து நடந்தார்கள். எதிரே இருந்தவர்கள் வானத்தை நோக்கிச் சுட்டு நிறுத்தினார்கள். சுடவும் உத்தரவு இல்லை, போகவும் உத்தரவு இல்லை, பாவம், அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. முகாமைக் காலி செய்யச் சொல்லி கியேவிலிருந்து உத்தரவு வந்தது மார்ச் 24 அன்று. அதற்குள் பெரும்பாலான முகாம்கள் போயே போய்விட்டன.

டோனுஸ்லாவ் ஏரியில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே இருந்த உக்ரைன் கப்பல்கள் கடலுக்குப் போகாமலிருக்க, ஓச்சாகோவ் என்கிற ஓய்வுபெற்ற சொந்தப் பழைய போர்க்கப்பலை ரஷ்யர்கள் இழுத்துவந்து வாய்க்காலில் மூழ்கடித்தார்கள். 'உள்ளூர் தற்காப்புப் படை'யிடம் போர்க்கப்பல் இருந்தது, அதை மூழ்கடிக்கிற அளவுக்குத் தாராள மனசும் இருந்தது என்று நாம் நம்ப வேண்டும் :-)

இனி "ஒரு குண்டுகூட சுடாம" என்கிற விஷயத்துக்கு வருகிறேன். நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது உண்மை இல்லை. மார்ச் 3 அன்று சிம்ஃபெரோபோலில் அமைச்சரவைக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு கிரிமியத் தாத்தார் இளைஞர், மூன்று குழந்தைகளின் அப்பா, தனி ஆளாக மௌனமாக நின்று எதிர்ப்புக் காட்டினார். ராணுவ மாதிரி உடை போட்ட ஆட்கள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதை வீடியோவே காட்டுகிறது. 15ஆம் தேதி அவர் பிணம் கிடைத்தது. உடம்பில் சித்திரவதைக் காயங்கள். மார்ச் 18 அன்று ஒரு முகாமில் உக்ரைன் ராணுவத்தைச் சேர்ந்தவர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார்.

பினாமிகளின் வேலை இங்கேதான் விளங்குகிறது. பயிற்சி பெற்ற ஆட்கள் மரியாதையாக இருந்தார்கள், குழந்தைகளோடும் பூனைகளோடும் போட்டோவுக்கு நின்றார்கள். அப்படி இருக்க முடிந்ததற்குக் காரணம், அடிப்பதற்கும் கடத்துவதற்கும் வேறு ஆட்கள் இருந்ததுதான். கட்டடம் பிடிப்பது, விமான நிலையம் பிடிப்பது சின்னம் இல்லாத படையின் வேலை. ஆளைத் தூக்குவது, பத்திரிகையாளரின் கேமராவைப் பிடுங்குவது கட்டுப்பட்டைக்காரர்களின் வேலை. ஏதாவது அசிங்கமானால் "உள்ளூர்க்காரர்கள் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள்" என்று சொல்லிவிடலாம். பினாமி பெயரில் நிலம் வாங்குகிறவன் வழக்கு வந்தால் பினாமியை மாட்டிவிடுவான் இல்லையா, அதேதான்.

பிரசாரத்தைப் பற்றி ஒரு பத்தி போதும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது நாம் நினைப்பதைவிடச் சின்ன வேலையைத்தான் செய்தது. கிரிமியாவில் உக்ரைன் சேனல்களை நிறுத்திவிட்டு ரஷ்ய சேனல்களைப் போட்டார்கள். கியேவில் பாசிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள், உங்களைக் கொல்ல ரயிலில் வருகிறார்கள் என்று பயம் ஏற்றினார்கள். மார்ச் 16 வாக்கெடுப்புச் சீட்டில் இரண்டே கேள்விகள்: ரஷ்யாவோடு சேரலாமா, அல்லது 1992 அரசியல் சட்டத்துக்குத் திரும்பலாமா. இப்போதிருப்பது போலவே இருக்கட்டும் என்பதற்குக் கட்டமே இல்லை. முடிவு 96.77 சதவீதம் என்று அறிவித்தார்கள். 18ஆம் தேதி இணைப்பு ஒப்பந்தம். கிரிமியாவில் ரஷ்யா மேல் உண்மையிலேயே பாசம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசத்தை அளக்க வேண்டிய கருவியை வைத்தது துப்பாக்கி பிடித்தவன்.

ஏப்ரல் 17 அன்று தொலைக்காட்சியில் புடின், தற்காப்புப் படைக்குப் பின்னால் நம் வீரர்கள் நின்றார்கள்தான் என்று ஒப்புக்கொண்டார். ஏழு வாரத்துக்கு மேல் முகமூடி தேவைப்படவில்லை. பிறகு ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் 'கிரிமியா திரும்பியதற்காக' என்று பதக்கமே அடித்துக் கொடுத்தது. அதன் பின்பக்கம் இருக்கிற தேதி 2014 பிப்ரவரி 20 முதல் மார்ச் 18 வரை. பிப்ரவரி 20 அன்று யானுகோவிச் இன்னும் கியேவில் அதிபராகவே இருந்தார்! திருடன் தானே நேரம் போட்டு ரசீது கொடுத்த மாதிரி.

இது வரைக்கும் வெற்றிக்கதை. "மாஸ்டர் பிளான்" கோஷ்டி இதோடு புத்தகத்தை மூடிவிடுகிறது. அடுத்த மாதமே அதே வித்தையைக் கிழக்கு உக்ரைனில் காட்டினார்கள், அதில்தான் இதன் எல்லை தெரிகிறது.

கார்கிவ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 6 அன்று ரஷ்ய ஆதரவுக் கூட்டம் மாகாண நிர்வாகக் கட்டடத்தைப் பிடித்து மறுநாள் 'மக்கள் குடியரசு' என்று அறிவித்தது. கிரிமியாவின் முதல் அத்தியாயம் அச்சு அசலாக. ஆனால் இந்த முறை கியேவ் யோசித்துக்கொண்டு உட்காரவில்லை. உள்ளூர் போலீஸை நம்பாமல், வெளியூரிலிருந்து உள்துறையின் சிறப்புப் படையைக் கொண்டுவந்து, 8ஆம் தேதி விடியற்காலையில் உள்ளே புகுந்து சுமார் 70 பேரைக் கைது செய்தார்கள். கதை முடிந்தது. டொனெட்ஸ்கிலும் லுஹான்ஸ்கிலும் அதே நாளில் கட்டடங்கள் போயின, அங்கே உடனே யாரும் போகவில்லை. அந்த இரண்டும் என்ன ஆயின என்று உங்களுக்கே தெரியும். மூன்று ஊர்களுக்கும் வேறு பல வித்தியாசங்கள் உண்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முதல் 48 மணி நேரத்தில் யாராவது முடிவெடுத்தார்களா என்பது பெரிய வித்தியாசம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஏப்ரல் 12 அன்று நம்ம கிர்கின் சுமார் ஐம்பது பேரோடு ஸ்லாவியான்ஸ்க் ஊரைப் பிடித்தார். இங்கே பக்கத்தில் கடற்படைத் தளம் இல்லை, கடல் சூழ்ந்த தீபகற்பம் இல்லை, 25,000 பேர் இல்லை. உக்ரைன் திருப்பி அடித்தது. அதற்கும் "போர்" என்று பெயர் வைக்காமல் "பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை" என்றே வைத்தது. சாம்பல் விளையாட்டை இரண்டு பேரும் ஆடலாம் பாருங்கள். தான் எல்லையைத் தாண்டியிருக்காவிட்டால் கார்கிவ் போலவே எல்லாம் அடங்கியிருக்கும், போரின் விசையை அழுத்தியது நான்தான் என்ற பொருளில் கிர்கின் அந்த நவம்பரிலேயே ஒரு ரஷ்யப் பத்திரிகைக்குச் சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள். இப்படிப்பட்டவர்களைப் பினாமியாக வைப்பதில் உள்ள சிக்கலும் அதுதான். பினாமிக்குச் சொந்த ஆசைகள் இருக்கும்.

பினாமிகளால் விமானப்படையைச் சமாளிக்க முடியவில்லை. சமாளிக்க ஆயுதம் வேண்டும். ஆயுதம் வந்தது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசியன் ஏர்லைன்ஸ் எம்.எச்.17 விமானத்தை ஒரு புக் ஏவுகணை வீழ்த்தியது. 298 பேரும் செத்தார்கள். அந்த ஏவுகணை வண்டி ரஷ்யாவின் கூர்ஸ்க் நகரத்து 53ஆவது வான் பாதுகாப்புப் படைப்பிரிவைச் சேர்ந்தது என்று கூட்டுப் புலனாய்வுக் குழு கண்டுபிடித்தது. ரஷ்யா இன்றுவரை மறுக்கிறது. செத்தவர்களில் 196 பேர் இந்த நாட்டுக்காரர்கள். ஸ்கிபோல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபைஃப்ஹவுஸன் என்ற இடத்தில் ஆளுக்கொரு மரமாக 298 மரம் நட்டு வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் சூரியகாந்தி. வகுப்பில் 'மறுக்கத்தக்க நடவடிக்கை' என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அங்கே போய்வந்த பிறகு அந்த வார்த்தை எனக்கு அவ்வளவு சுலபமாக வருவதில்லை. 2022 நவம்பரில் டச்சு நீதிமன்றம் கிர்கினையும் இன்னும் இரண்டு பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்து ஆயுள் தண்டனை விதித்தது. ஆள் இல்லாமலே தீர்ப்பு.

அந்த ஆகஸ்டில் பினாமிகள் தோற்கிற நிலைக்கு வந்ததும் வேறு வழியில்லாமல் நிஜ ராணுவமே வந்தது. ரஷ்ய பாராசூட் படையினர் பத்து பேர் உக்ரைனுக்குள் பிடிபட்டார்கள். தவறுதலாக எல்லை தாண்டிவிட்டார்கள் என்று மாஸ்கோவில் சொன்னார்கள். பத்து பேருக்கும் ஒரே நேரத்தில் வழி தவறிவிட்டது! இலொவாய்ஸ்கில் முற்றுகையில் மாட்டிய உக்ரைன் வீரர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அந்தப் பக்கத்துப் பிணங்களும் ஊருக்குப் போயின. ப்ஸ்கோவில் பாராசூட் வீரர்களின் கல்லறைகளைத் தேடிப்போன பத்திரிகையாளர்களை விரட்டியடித்தார்கள். சமாதானக் காலத்தில் 'சிறப்பு நடவடிக்கை'களில் சாகிற வீரர்கள் பற்றிய தகவல் ராணுவ ரகசியம் என்று 2015 மே மாதம் புடின் ஆணை போட்டார். முகமூடி கடைசியில் சொந்த நாட்டு அம்மாக்களுக்கு எதிராகவும் தேவைப்பட்டது.

2021 முடியும்போது ஐ.நா. கணக்குப்படி 14,000க்கு மேற்பட்டோர் செத்திருந்தார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று முகமூடி எதுவும் இல்லாமல் முழுப்படையும் எல்லை தாண்டியது. எட்டு வருஷம் போருக்குக் கீழேயே வைத்திருந்து கியேவைப் பணியவைக்க முடியாததால்தான் அது வந்தது என்பது என் வாசிப்பு. இதில் "ராஜதந்திரம்" எங்கே இருக்கிறது என்று நண்பர்தான் விளக்க வேண்டும்.

இது எல்லாம் ஜெனரல் கெராசிமோவின் மாபெரும் கோட்பாடு என்று சொல்பவர்களுக்காக ஒரு இடைச்செருகல், நம்ம வலைப்பதிவர்களுக்குப் பிடிக்கும். 2013 பிப்ரவரியில் கெராசிமோவ் ஒரு ராணுவப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அரபு நாடுகளின் புரட்சிகளைப் பார்த்து மேற்கு நாடுகள் இப்படித்தான் செய்கின்றன என்று அவர் புரிந்துகொண்டதை எழுதினார். மார்க் கலியோட்டி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அதன் மொழிபெயர்ப்பைத் தன் வலைப்பதிவில் போட்டு, கொஞ்சம் சுவாரசியமாக இருக்கட்டுமே என்று 'கெராசிமோவ் கோட்பாடு' என்று தலைப்பு வைத்தார். கிரிமியா நடந்து முடிந்திருந்த நேரம், உலகமே அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு கோட்பாடே கிடையாது, மன்னிக்கவும் என்று 2018இல் அவரே எழுதினார். யாரும் கேட்கவில்லை. ஆகவே மக்களே, தலைப்பு வைக்கும்போது ஜாக்கிரதை.

புதுசும் இல்லை இது. நம்ம கார்கில் ஞாபகம் இருக்கும். 1999இல் மலைமேல் ஏறி உட்கார்ந்தவர்கள் முஜாஹிதீன்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது பாகிஸ்தான். இருந்தவர்கள் பெரும்பாலும் நார்தர்ன் லைட் இன்ஃபன்ட்ரி என்கிற அவர்களுடைய ராணுவம். சொந்த வீரர்களின் பிணங்களைக்கூட வாங்க மறுத்ததால் பலரை இந்திய ராணுவமே அடக்கம் செய்தது. 2010இல் பாகிஸ்தான் ராணுவம் தன் இணையதளத்தில் போட்ட பட்டியலில் கார்கிலில் செத்த 453 பேரின் பெயர் வந்தது. அங்கே முகமூடி வேலை செய்யவில்லை. டெல்லி அவர்கள் யார் என்று நிரூபித்துக்கொண்டு உட்காராமல், நம் மலைமேல் ஆயுதத்தோடு இருக்கிறார்கள், இறக்கு என்று முடிவெடுத்தது. கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்ட மாட்டோம் என்று தனக்கே ஒரு வேலியும் போட்டுக்கொண்டது. கிரிமியாவில் கியேவுக்கு இருந்த மாதிரி, கீழே நிற்கும் பாட்டிகள் பிரச்சினையும் பனிமலையில் இல்லை, அது உண்மை.

ரஷ்யாவை ஒட்டியிருக்கிற சின்ன நாடுகள் இந்தப் பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. எஸ்தோனியாவின் படைத் தளபதியாக இருந்த ரிஹோ தெராஸ் 2015இல், அப்படிப் பச்சை மனிதன் ஒருவன் எங்கள் மண்ணில் தெரிந்தால் முதல் ஆளையே சுட வேண்டும் என்றார். கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் அதில் உள்ள கெட்டிக்காரத்தனம், முடிவை முன்கூட்டியே எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி வைப்பது. அன்றைக்குக் காலையில் எந்த மந்திரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை நம்பி அது இல்லை.

எனக்கு இதில் ஒரே ஒரு தயக்கம். முதலில் வருகிறவன் பயிற்சி பெற்ற ஆளாக இல்லாமல், வேட்டைத் துப்பாக்கி பிடித்த பதினெட்டு வயசு உள்ளூர்ப் பையனாக இருந்தால்? அடுத்த முறை அவனைத்தான் முன்னால் அனுப்புவார்கள், ஏனென்றால் தெராஸ் பேசியதை அவர்களும் கேட்டிருப்பார்கள். அப்போது துப்பாக்கிக்கு முன்னால் கார்கிவில் வந்த மாதிரி வெளியூர்ப் போலீஸ் வந்தாக வேண்டும், அதுவும் இரண்டு நாளுக்குள். அந்தப் போலீஸை எந்த ஊரில், எத்தனை பேரை, எந்தச் சட்டத்தின் கீழ் தயாராக வைப்பது என்பதில்தான் என் தீசிஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் வந்து போடுங்கள், புண்ணியமாகப் போகும்.